பகலில் ஓடும் கோல்பிட்ஸ் ஆஸிலேட்டர் ராத்திரியில் நிற்பது ஏன்?

கேள்வி: தேவிபட்டினத்தில் இருக்கிறேன். ஒரே ஒரு பிசி 547 வைத்து கோல்பிட்ஸ் ஆஸிலேட்டர் போட்டேன். காயில் 10 மைக்ரோ ஹென்றி, C1 220 பிகோ ஃபாரட், C2 2200, எமிட்டர் ரெசிஸ்டர் 15 கிலோ ஓம், 9 வோல்ட் சப்ளை, பேஸுக்கு 47 கிலோ, 15 கிலோ. கணக்கில் 3.56 மெகா ஹெர்ட்ஸ், கவுண்டரில் 3.47. பகலில் ஓடுகிறது, பனி இறங்கினால் நின்றுவிடுகிறது. டிரான்சிஸ்டரை மாற்றியும் அதே கதை. என்ன தப்பு?

பதில்:

டிரான்சிஸ்டரில் கோளாறு இல்லை. அதற்குக் கொடுத்திருக்கும் கரண்ட் போதவில்லை. மிச்சத்தை உப்புக்காற்று செய்கிறது.

பேஸை ஒரு கப்பாசிட்டர் வழியாக கிரவுண்டில் கட்டி, காயிலை கலெக்டருக்கும் பிளஸுக்கும் நடுவில், C1-ஐ கலெக்டருக்கும் எமிட்டருக்கும் நடுவில், C2-ஐ எமிட்டருக்கும் கிரவுண்டுக்கும் நடுவில் போட்டிருப்பீர்கள் என்று வைத்துக்கொள்கிறேன். அப்படியானால் கணக்கு இது:

```
n  = C1/(C1+C2) = 220/2420 = 0.091
Cs = C1*C2/(C1+C2) = 200 pF
f  = 1/(2*pi*sqrt(L*Cs)) = 3.56 MHz
gm*n*(1-n) > 1/Rp + n*n/RE
```

கடைசி வரிதான் ஆஸிலேட்டர் கிளம்புமா கிளம்பாதா என்பதைச் சொல்கிறது. இடது பக்கம் டிரான்சிஸ்டர் தருவது, வலது பக்கம் காயிலும் எமிட்டர் ரெசிஸ்டரும் தின்பது. எமிட்டர் தானே இழுத்துக்கொள்ளும் பங்குதான் இடது பக்கத்தில் (1-n) ஆக நிற்கிறது.

உங்கள் பேஸில் ஏறக்குறைய 2.2 வோல்ட், எமிட்டரில் 1.55 வோல்ட் இருக்கும். 15 கிலோவில் அது 0.1 மில்லி ஆம்பியர். அதை 26 மில்லி வோல்ட்டால் வகுத்தால் gm 3.85 மில்லி சீமென்ஸ். இடது பக்கம் 0.32 வருகிறது. காயிலின் ரியாக்டன்ஸ் 224 ஓம். அதன் தரக்காரணி 80 என்று கொண்டால், காயிலின் இழப்பை அதற்கு இணையான ரெசிஸ்டராக எண்ணும் Rp 18 கிலோ ஓம், அதாவது இழப்பு 0.056. எமிட்டர் ரெசிஸ்டரின் பங்கு கணக்கில் எடுக்கத் தேவையில்லாத அளவு சிறியது. ஆக, பகலில் ஐந்தரை மடங்கு மிச்சம் இருக்கிறது.

கடலோரத்தில் காயில் மேலும் பிரெட்போர்டு மேலும் கண்ணுக்குத் தெரியாத உப்பு படிந்துகொண்டே இருக்கும். காற்றின் ஈரப்பதம் முக்கால் பங்கைத் தாண்டினால் சாப்பாட்டு உப்பே தண்ணீரை இழுத்துக் கரையும். கடலுப்பில் உள்ள மெக்னீசியம் குளோரைடு அதற்கு முன்பே இழுக்கும். அந்த ஈரப்படலம் காயிலுக்குக் குறுக்கே 4 கிலோ ஓம் மாதிரி உட்கார்ந்தால் இழப்பு 0.31 ஆகிறது. 0.32-க்கு 0.31. கிளம்புவதும் கிளம்பாததும் அதிர்ஷ்டம்தான்.

இதைப் பகலிலேயே சோதிக்கலாம். காயிலுக்குக் குறுக்கே 10 கிலோ ரெசிஸ்டரை வைத்து சப்ளையை நிறுத்திப் போடுங்கள், ஓடும். 3.3 கிலோ வைத்தால் கிளம்பாது. ஓடுகிறதா என்று பார்க்க மல்டிமீட்டர் போதும்: மீட்டரின் முனையில் 10 கிலோ ரெசிஸ்டரைச் சேர்த்து எமிட்டர் வோல்ட்டேஜைப் பார்த்துக்கொண்டே காயிலை விரலால் தொடுங்கள். ஓடிக்கொண்டிருந்தால் வோல்ட்டேஜ் சற்று இறங்கும். அசையாமல் இருந்தால் அது முன்பே நின்றிருக்கிறது.

சரிசெய்ய, எமிட்டர் ரெசிஸ்டரை 3.3 கிலோ ஆக்குங்கள். கரண்ட் 0.46 மில்லி ஆம்பியர் ஆகி, இடது பக்கம் 1.46-க்கு ஏறும். அதே ஈரத்திலும் நாலரை மடங்கு மிச்சம். காயிலுக்குக் குறுக்கே 1 கிலோ வைத்தாலும் ஓட வேண்டும். ஒரு மில்லி ஆம்பியருக்கு மேல் போகாதீர்கள்; அப்போது எமிட்டரின் சுமை C1, C2 இரண்டின் ரியாக்டன்ஸோடு போட்டிபோட ஆரம்பித்து மேலே உள்ள எளிய கணக்கு பிசகும்.

பின்னூட்ட விகிதத்தைக் கூட்டினாலும் கிளம்பும். C1 330, C2 470 போட்டால் விகிதம் 0.41, இடது பக்கம் 0.93. ஆனால் எமிட்டர் காயில்மீது அதிகமாகச் சாயும். சூட்டிலும் சப்ளை மாற்றத்திலும் அலைவெண் நகரும். நான் கரண்டைக் கூட்டும் வழியைத்தான் எடுப்பேன்.

உப்பைக் கழுவ ஐசோபுரொப்பைல் ஆல்கஹால் மட்டும் உதவாது, அதில் உப்பு சரியாகக் கரையாது. முதலில் காய்ச்சி வடித்த தண்ணீரால் துடைத்து, பிறகு ஆல்கஹால் விட்டு, நன்றாக உலர்த்தி வார்னிஷ் பூசுங்கள். இதற்கு பிரெட்போர்டை விட்டு, சாலிடர் செய்த போர்டுக்கு மாறியாக வேண்டும். பிரெட்போர்டின் துளைக்குள் போன உப்பைத் துடைக்க வழியில்லை.

3.47 வந்ததற்குக் காரணம் காயிலோடு ஒட்டி நிற்கும் 10 பிகோ ஃபாரட். அதில் மூன்று நான்கு டிரான்சிஸ்டரின் கலெக்டர்–பேஸ் இடையே இருப்பது, மிச்சம் காயிலும் பிரெட்போர்டும். C1-க்கு 220-ஐ எடுத்துவிட்டு 180-ஐயும் 27-ஐயும் இணையாகப் போட்டால் 3.56 பக்கம் வரும். போர்டு மாற்றி வார்னிஷ் காய்ந்த பிறகே இதைச் செய்யுங்கள், ஏனென்றால் இரண்டுமே அந்த 10-ஐ மாற்றும்.