வெள்ளவத்தையில் முகம் திருப்பியவனின் வாக்குமூலம்

கேள்வி: முல்லைத்தீவிலிருந்து வேலைக்காகக் கொழும்புக்கு வந்து நாலு மாதம் ஆகிறது. பக்கத்து அறைக்காரர்கூடச் சிரிப்பதில்லை. நகரத்து ஆட்களுக்கு ஏன் இப்படி மனம் மரத்துப் போகிறது? சமூகவியலில் இதற்கு விளக்கம் உண்டா?

நீங்களும் என்னைப் போல வழியில் காண்பவர்களிடமெல்லாம் "எங்கை போறியள்?" என்று கேட்டு வளர்ந்தவர் என்றே எடுத்துக்கொள்கிறேன். நான் மல்லாவிப் பக்கத்தவன். கொழும்பில் ஆறு ஆண்டுகள் வேலை செய்துவிட்டு ஊருக்குத் திரும்பியிருக்கிறேன். வெளிவாரிப் பட்டத்துக்காகச் சமூகவியல் படித்தேனே தவிர, நான் பேராசிரியன் அல்லன். ஆகவே "இவருக்கு என்ன தகுதி?" என்று கேட்கப்போகிறவர்கள் அந்தக் கேள்வியை இங்கேயே விட்டுவிடலாம்.

விளக்கம் உண்டு. அதை முதலில் தெளிவாக எழுதியவர் ஜெர்மன் சமூகவியலாளர் ஜோர்ஜ் சிம்மல். 1858இல் பேர்லின் நகரின் நடுவே பிறந்தவர். அவர் வாழ்ந்த காலத்தில் அந்த நகரம் கண்முன்னே வீங்கியது: 1871இல் ஏறத்தாழ 8 இலட்சமாக இருந்த சனத்தொகை 1900ஆம் ஆண்டளவில் 19 இலட்சத்தை எட்டிவிட்டது. 1903இல் டிரெஸ்டன் நகரில் நடந்த நகரக் கண்காட்சியை ஒட்டி அவர் ஆற்றிய உரைதான் நீங்கள் கேட்கும் விடயத்துக்கு இன்றுவரை அடிப்படையாக இருக்கிறது. அதில் அவர் நகரவாசியைத் திட்டவில்லை. குற்றஞ்சாட்டுவதோ மன்னிப்பதோ எங்கள் வேலையல்ல, விளங்கிக்கொள்வதே வேலை என்று சொல்லித்தான் உரையை முடித்தார். நான் பணம் கட்டிப் போன ஒரு தனியார் வகுப்பில் தந்த குறிப்பிலோ "கிராமம் பாசம், நகரம் இயந்திரம்" என்று இரண்டு நிரல் போட்டு, கீழே சிம்மலின் பெயரையும் எழுதியிருந்தார்கள். அதை மனனம் செய்து எழுதியவர்களுக்கு நல்ல புள்ளி கிடைத்தது என்பது வேறு கதை.

சிம்மல் சொல்வதை என் கால்களால் அளந்து சொல்கிறேன். ஊரில் எங்கள் வீட்டிலிருந்து சந்திக் கடைக்கு ஒன்றரைக் கிலோமீற்றர் இருக்கும். காலையில் நடந்தால் எட்டுப் பத்துப் பேர் எதிர்ப்படுவார்கள். ஒவ்வொருவரிடமும் இரண்டு மூன்று நிமிடம் நிற்பதால் இருபது நிமிட வழி முக்கால் மணித்தியாலம் ஆகும். யாரும் அதை நேர விரயம் என்று நினைப்பதில்லை. கொழும்பில் வெள்ளவத்தையிலிருந்து பம்பலப்பிட்டி வரை காலி வீதியால் நடந்துதான் வேலைக்குப் போவேன். ஒரு நாள் வேண்டுமென்றே எதிரே வந்த முகங்களை எண்ணினேன். அரை மணித்தியாலத்தில் நானூறைத் தாண்டியபின் எண்ணுவதை விட்டுவிட்டேன். ஆளுக்கு ஒரு நிமிடம் கொடுத்தாலும் ஆறரை மணித்தியாலத்துக்கு மேல் ஆகும். வேலைக்குப் போய்ச் சேருவதற்குள் பொழுது சாய்ந்துவிடும். ஏறக்குறைய எல்லாரையும் அறிந்திருக்கும் சிற்றூரில் மனம் ஒவ்வொருவருக்கும் எப்படி அசைந்து கொடுக்கிறதோ அப்படியே நகரத்திலும் அசைந்து கொடுத்தால் மனிதன் உள்ளுக்குள் துகள்துகளாகிவிடுவான் என்கிறார் சிம்மல். முகங்கள், ஹோர்ன் சத்தங்கள், பெயர்ப்பலகைகள் என்று ஓயாமல் வந்து மோதுகிறவற்றுக்கு எதிரே மனம் நெஞ்சைப் பின்னால் இழுத்துக்கொண்டு அறிவை முன்னால் நிறுத்துகிறது. உங்கள் பக்கத்து அறைக்காரர் சிரிக்காததைக் கல்நெஞ்சு என்று எடுக்காதீர்கள். அது மழைக்குப் பிடிக்கும் குடை.

இங்கே இரண்டு விடயங்களைப் பலர் ஒன்றாகக் குழப்புகிறார்கள். ஒன்று சலிப்பு. இதற்கும் அதற்கும் என்ன வித்தியாசம் என்று உணரும் கூர்மை மழுங்கி, எல்லாம் ஒரே சாம்பல் நிறமாகத் தெரிவது. நரம்புகள் களைத்துப்போவது இதற்கு ஒரு காரணம், பணம் இன்னொரு காரணம் என்று சிம்மல் சொல்கிறார். பணம் எந்தப் பொருளிடமும் "எவ்வளவு?" என்ற ஒரே கேள்வியைத்தான் கேட்கும். எங்கள் சந்திக் கடையில் கொப்பிக் கணக்கு உண்டு. நெல் விற்றதும் தருவேன் என்றால் முதலாளி என் வயலையும் வாய்க்கால் தண்ணீரையும் அப்பாவின் வாக்கையும் சேர்த்துத்தான் கணக்குப் போடுவார். கொழும்பில் சுப்பர் மார்க்கெட்டில் காசு வாங்கும் பிள்ளைக்கு என்னைப் பற்றித் தெரியவேண்டியது ஒரு தொகை மட்டுமே.

மற்றது ஒதுக்கம். இது பொருள்களைப் பற்றியதல்ல, ஆட்களைப் பற்றியது. இதன் உட்பக்கத்தில் இருப்பது வெறும் அக்கறையின்மை அல்ல, நாங்கள் ஒத்துக்கொள்வதைவிட அடிக்கடி அது ஒரு மெல்லிய வெறுப்பு என்கிறார் சிம்மல். இதைப் படித்தபோது எனக்குக் கோபம் வந்தது. பிறகு 100ஆம் இலக்க பஸ்ஸில் என் தோளில் சாய்ந்து தூங்கியவரை நினைத்துப் பார்த்தேன். அவர் ஒரு தவறும் செய்யவில்லை, ஆனாலும் உள்ளே ஏதோ சுருங்கியது. அந்தச் சின்னச் சுருக்கம் இல்லாவிட்டால் அவ்வளவு நெருக்கத்தில் தினமும் யாராலும் பயணம் செய்ய முடியாது.

இனி நான் எழுத உட்கார்ந்ததற்கான காரணம். கொழும்புக்குப் போய் மூன்றாம் ஆண்டு, ஒரு மாலை நேரம், வெள்ளவத்தைச் சந்தைக்கு எதிரே காதில் வயரைச் செருகிக்கொண்டு நடந்துகொண்டிருந்தேன். வேட்டி கட்டிய முதியவர் ஒருவர், கையில் உரப் பையைத் தைத்துச் செய்த பையோடு, "தம்பி, இந்த ஒழுங்கை எங்கை கிடக்கு?" என்று ஒரு துண்டுக் கடதாசியை நீட்டினார். நான் நடையை நிறுத்தாமலே "தெரியாது" என்று சொல்லிவிட்டுப் போனேன். ஒழுங்கை எனக்குத் தெரியும். இரண்டு தெரு தள்ளி. நான்கு மாதம் கழித்து ஊரில் ஒரு கலியாண வீட்டில் அதே முதியவர் பந்தியில் எனக்கு நேரெதிரே உட்கார்ந்து, "நீர் ஆரின்ரை மகன்?" என்று விசாரித்துவிட்டு, சுற்றியிருந்தவர்கள் கேட்க, "கொழும்பிலை இவர் என்னைக் கண்டும் காணாமல் போனவர்" என்றார். துணுக்காய்ப் பக்கத்து ஆள், அம்மாவுக்குத் தூரத்து உறவுமுறையும்கூட. அன்றிலிருந்து ஊரில் என் பெயரோடு அந்தக் கதையும் ஒட்டிக்கொண்டது. என் தங்கைக்குச் சம்பந்தம் பேச வந்த இடத்திலும் யாரோ அதை எடுத்தார்களாம்.

நான் செய்தது சரி என்று வாதாட வரவில்லை. ஆனால் அந்த ஒரு மாலைக்காக ஆண்டுக்கணக்கில் என்னை எடை போட்டதே, அதுவும் சிம்மலின் உரையில் இருக்கிறது. சிறு வட்டம் தன் ஆளை அணைக்கும், அதே கையால் இறுக்கிப் பிடிக்கும். நகரத்தின் ஒதுக்கம் கொடுக்கும் விலைமதிப்பான பொருள், வேறெங்கும் கிடைக்காத ஓர் அளவு சொந்தச் சுதந்திரம் என்கிறார். நகரத்துக் கூட்டத்தில் நிற்கும்போது வரும் தனிமையை அதே சுதந்திரத்தின் மறுபக்கமாகத்தான் அவர் பார்க்கிறார். கணவனை விட்டுப் பிரிந்து கொழும்பில் வேலை பார்க்கும் எங்கள் ஊர்ப் பெண் ஒருவர், "இஞ்சை ஒருத்தரும் கேக்காததுதான் எனக்கு மருந்து" என்று ஒருமுறை என்னிடம் சொன்னார். விடுமுறைக்கு வெளிநாட்டிலிருந்து வந்து எங்கள் ஊர்ப் பாசத்தைப் படம் பிடித்துப் போடுகிறவர்களுக்கு இந்தப் பக்கம் தெரிவதில்லை.

சிம்மலுக்குப் பிறகு 1938இல் சிக்காகோவைச் சேர்ந்த சமூகவியலாளர் லூயிஸ் வேர்த், ஆட்தொகை, நெருக்கம், பலவகை மனிதர் கலந்திருப்பது ஆகிய மூன்றையும் வைத்து நகர வாழ்வை விளக்கினார். நகரத்தில் ஒருவரை முழு மனிதராக அல்லாமல் ஒரு துண்டாகவே அறிகிறோம் என்பது அவர் சொன்னவற்றில் எனக்கு உறைத்தது. எனக்குத் தெரிந்த கொண்டக்டர் வெறும் கொண்டக்டர்தான், அவருக்கு எத்தனை பிள்ளைகள் என்பது எனக்குத் தெரியாது.

ஆனால் நெருக்கம் தானாகவே ஒதுக்கத்தைக் கொண்டுவரும் என்று யாராவது சொன்னால் நான் ஏற்கமாட்டேன். 2009இல் செட்டிகுளம் மெனிக் பாம் முகாமில் நானும் இருந்தேன். 2 இலட்சத்துக்கும் மேற்பட்டோர் அங்கே அடைபட்டிருந்தோம். எந்த நகரத்துக்கும் குறையாத நெருக்கம். ஆனாலும் தண்ணீர் வரிசையில் நின்ற முன்பின் தெரியாதவர்கள் "எந்த ஊர்? உங்கட ஆக்கள் எல்லாரும் வந்திட்டினமோ?" என்றுதான் தொடங்குவார்கள். இன்னொரு வகை மௌனமும் அங்கே இருந்தது, அது பயத்தினால் வந்தது. இரண்டையும் கண்ணை வைத்துப் பிரித்தறியலாம். பயந்து வாய் மூடியவர் உங்களை உற்றுக் கவனித்துக்கொண்டே இருப்பார். நகரத்தில் களைத்தவருக்கு நீங்கள் கண்ணிலேயே படமாட்டீர்கள். சிம்மல் பேசுவது இரண்டாமவரைப் பற்றி மட்டுமே.

நெருக்கம் போதாவிட்டால் வேறென்ன என்று கேட்பீர்கள். 1970இல் அமெரிக்க உளவியலாளர் ஸ்டான்லி மில்கிராம் இதைச் சுமை என்ற சொல்லால் விளக்கினார். முகங்களும் சத்தங்களும் கேள்விகளும் தாங்கமுடியாத அளவுக்கு வந்து சேரும்போது மனிதர் ஒவ்வொன்றுக்கும் குறைந்த நேரம் கொடுப்பார்கள், முக்கியமில்லாததைக் கணக்கிலேயே எடுக்கமாட்டார்கள், சிலவற்றைக் கதவிலேயே தடுத்துவிடுவார்கள். அவர் தன் மாணவர்கள் செய்த ஒரு பரிசோதனையையும் சொல்கிறார். நண்பரின் விலாசத்தைத் தொலைத்துவிட்டோம், உங்கள் தொலைபேசியைப் பாவிக்கலாமா என்று கேட்டு நியூயோர்க்கிலும் சிற்றூர்களிலும் வீடுகளைத் தட்டினார்கள். சிற்றூர்களில் உள்ளே விட்டவர்கள் தெளிவாகவே அதிகம். நகரத்தாரில் நாலில் மூவர் மூடிய கதவுக்குப் பின்னிருந்தே பதில் சொன்னார்கள். இதில் கள்வர் பயமும் கலந்திருக்கிறது என்பதால் எல்லாவற்றையும் சுமையின் தலையில் கட்ட முடியாது.

பிறகு வந்த ஆய்வாளர்களில் குளோட் பிஷர், இந்த ஒதுக்கம் தெருவுக்கு உரியது, வீட்டுக்குள் நுழைவதில்லை என்று காட்டினார். நகரவாசிக்கும் நெருங்கிய நட்பு உண்டு, அதைத் தெருவில் தேடக்கூடாது என்பதே அதன் பொருள். எங்கள் லொட்ஜில் மல்லாவி, புதுக்குடியிருப்பு, மாங்குளம் ஆட்கள் ஐந்து பேர் ஞாயிற்றுக்கிழமைகளில் ஒன்றாகச் சமைத்தோம். எங்களைப் பார்த்த வேறு யாரோ நாங்களும் முகம் கொடுக்காத ஆட்கள் என்று எங்காவது எழுதியிருப்பார்கள். நாலு மாதத்தில் உங்களுக்கு அப்படியொரு கூட்டம் அமையாததுதான் சிக்கலே தவிர, பக்கத்து அறைக்காரர் அல்லர். அவரிடம் சிரிப்பை எதிர்பார்க்காமல் "தண்ணீர் மோட்டரை எத்தனை மணிக்குப் போடுவார்கள்?" என்பது போலக் குறுகிய, பதில் சொல்லக்கூடிய கேள்வியாகக் கேட்டுப் பாருங்கள். எனக்கு வாய் திறந்தவர்கள் அப்படித்தான் திறந்தார்கள்.

ஊருக்குத் திரும்பியபின் ஒரு நாள் துணுக்காயில் அந்த முதியவரின் வீட்டுக்குப் போனேன். பிளேன்ரீ தந்தார். "அண்டைக்கு நான் கேட்டது உமக்கு உண்மையாக் கேக்கேல்லையோ?" என்றார். "கேட்டது ஐயா, உங்கட முகத்தைத்தான் நான் பாக்கேல்லை" என்றேன். அவர் கொஞ்ச நேரம் யோசித்துவிட்டு, பனங்கட்டியை என் பக்கமாகத் தள்ளி வைத்தார்.