காலையில வாங்கின கள்ளு பின்னேரம் ஏன் புளிக்குது?

"அண்ணே, கல்லடியில காலம 7 மணிக்கு ரெண்டு போத்தல் தென்னங்கள்ளு வாங்கி வச்சன், பின்னேரம் கொழும்பால வந்த மச்சானுக்கு ஊத்தினா ஒரே புளி. பியர் மாசக்கணக்கா கெடாம கிடக்கு, கள்ளு மட்டும் ஏன் இப்பிடி? இறுக்கி மூடி வைக்கிறதா?"

தம்பி, இறுக்கி மட்டும் மூடிப்போடாதீங்க, கள்ளுக்குள்ள ஈஸ்ட் உயிரோட நிண்டு வேலை செஞ்சுகொண்டே இருக்கும், அது விடுற வாயு போக வழியில்லாட்டி கண்ணாடிப் போத்தல் வெடிச்சுப்போகும்.

பியருக்கு முளைக்க வச்ச பார்லி மோல்ட்ட சுடுதண்ணியில ஊறவச்சு எடுத்த சாற ஹொப்ஸ் பூவோட கொதிக்க வச்சு, ஆறினப்புறம் ஈஸ்ட் போட்டு நாள்கணக்கா புளிக்க விட்டு, பிறகு வடிச்சு, போத்தல்ல அடைச்சு, அனேகமா 60 பாகை அளவுல சூடாக்கித்தான் விடுறாங்க. உள்ள வேலை செய்ய ஒண்டும் மிஞ்சாது, அதான் அது கிடக்குது. அதையும் வெயில்ல வச்சா மணம் கெட்டுப்போகும், அது வேற கதை.

கள்ளுல ஈஸ்ட் ஆரும் போடுறதில்ல. காத்துல இருந்தும் பாளையில இருந்தும் நேத்து முட்டியில ஒட்டிக் கிடந்த மிச்சத்துல இருந்தும் அது தானா வருது. வடியிற தண்ணியில 10 முதல் 15 வீதம் சீனி இருக்கு, பனையோ தென்னையோ பெரிய வித்தியாசமில்ல, நம்மட சூட்டுக்கு முதல் சொட்டு விழுந்த உடனேயே புளிப்பு தொடங்கிடும். நீங்க 7 மணிக்கு வாங்கினத உடன் கள்ளு எண்டு நினைச்சிருப்பீங்க, ஆனா அந்த முட்டிய முதல்நாள் பின்னேரம் கட்டியிருப்பாங்க, அடியில கிடக்கிற கள்ளுக்கு அப்பவே 12 மணித்தியாலம் வயசு. மத்தியானம் ஆகும்போது இனிப்பு போய் சாதாரண பியர் அளவு, அதாவது 5 வீதம் கிட்ட அல்ககோல் வந்திருக்கும். அதுக்குப் பிறகு காத்துப் படப்பட வேற பக்டீரியா அந்த அல்ககோலயே விநாகிரியா மாத்தத் தொடங்கும், மச்சான் குடிச்சது அதைத்தான்.

கிளாஸ்ல ஊத்திப் பாருங்க. நல்ல கள்ளுல சின்னச் சின்னக் குமிழ் அடியில இருந்து விடாம ஏறிக்கொண்டிருக்கும், மணத்துல இளநீரும் கொஞ்சம் மாவும் கலந்த மாதிரி இருக்கும். நுரை அடங்கி, மூக்குக்குள்ள சுள்ளெண்டு ஏறினா காலம் கடந்துட்டு எண்டுதான் அர்த்தம்.

அடுத்தமுறை மச்சான் பின்னேரம் வாறாரெண்டா காலையில வாங்காதீங்க, சீவுறவரிட்ட சொல்லி பின்னேரம் இறக்கிறத எடுங்க, அது அண்டைக்கு காலையில இருந்து வடிஞ்சது மட்டும்தான். காலையிலதான் கிடைக்குமெண்டா மெல்லிய துணியில வடிச்சு, கையோட ஐஸ் பெட்டியில வச்சுக் கொண்டுவந்து, மூடிய லேசா திறந்தபடி பிரிட்ஜில வைங்க. குளிர் புளிப்ப மெதுவாக்கும், நிப்பாட்டாது, அதனால அண்டைக்கே முடிச்சிடுங்க. புளிப்பே வேணாமெண்டா முட்டிக்குள்ள சுண்ணாம்பு பூசி இறக்கின பதநீரக் கேளுங்க, அதுல வெறி வராது.

மிஞ்சினத ஊத்தாதீங்க, ராவைக்கு அப்ப மாவுக்குள்ள விட்டா விடிய நல்லா பொங்கி நிக்கும்.