மகள் புள்ளியியல் சேர்ந்திருக்கிறாள்: முதலில் ஆரா, பைத்தானா?

உங்கள் மகளின் பாடத்திட்டத்தில் ஆர் என்ற நிரல்மொழி இருக்கிறது. வேலை விளம்பரங்களைத் திறந்தால் பைத்தான் என்றுதான் வருகிறது. அதனால் முதல் ஆண்டிலேயே ஆரை ஒதுக்கிவிட்டுப் பைத்தானில் இறங்கட்டுமா என்று கேட்டிருக்கிறீர்கள். வேண்டாம். ரிக்ரெஷன் பாடம் முடியும்வரை அவள் ஆரிலேயே இருக்கட்டும், பைத்தான் அதற்குப் பிறகு வரட்டும். ஏன் என்பதை ஒரு சின்னக் கணக்கை வைத்தே காட்டிவிடுகிறேன்.

2, 4, 4, 4, 5, 5, 7, 9 என்று எட்டு எண்கள். இவற்றின் திட்ட விலக்கம் என்ன? ஆரில் இப்படிக் கேட்கலாம்:

```r
x <- c(2, 4, 4, 4, 5, 5, 7, 9)
sd(x)      # 2.13809
```

பைத்தானில் எல்லோரும் முதலில் கற்கும் நம்பை நூலகத்தில் இப்படி:

```python
import numpy as np
x = [2, 4, 4, 4, 5, 5, 7, 9]
print(np.std(x))    # 2.0
```

எண்கள் அதே எண்கள்தான், விடை மட்டும் வேறு. சராசரி 5, விலக்கங்களின் வர்க்கக் கூட்டுத்தொகை 32. நம்பை அதை 8ஆல் வகுத்து வர்க்கமூலம் எடுக்கிறது. கையில் இருப்பதே முழுமைத் தொகுதி என்றால் அது சரி. ஆர் எண்ணிக்கையில் ஒன்றைக் குறைத்து 7ஆல் வகுக்கிறது. கையில் இருப்பது ஒரு கூறு, அதை வைத்துப் பெரிய தொகுதியை மதிப்பிடுகிறோம் என்பது அதன் அனுமானம், வகுப்பில் நடத்துவதும் அதுதான். நம்பையில் `ddof=1` என்று சேர்த்தால் 2.138 வந்துவிடும். பாண்டாஸ் நூலகத்தின் `std()` சொல்லாமலேயே 7ஆல் வகுத்துவிடும். ஆக, பைத்தானுக்குள்ளேயே இரண்டு நூலகங்கள் இரண்டு விடை தருகின்றன. இரண்டிலும் பிழைச் செய்தி எதுவும் வராது. விஷயம் தெரிந்த பெண் சட்டென்று கண்டுபிடிப்பாள். இன்னும் அதைப் படித்துக்கொண்டிருப்பவள் திரையில் வந்ததை அப்படியே எழுதிக்கொண்டு போய்விடுவாள்.

ரிக்ரெஷனுக்கு வந்தால் இடைவெளி இன்னும் பெரிது. ஆரில் `summary(lm(y ~ x))` என்று ஒரு வரி அடித்தால் போதும். குணகம், திட்டப்பிழை, டி மதிப்பு, பி மதிப்பு எல்லாம் ஒரே அட்டவணையாக வந்துவிடும். தேர்வில் கேட்பதும் அவற்றைத்தான். பைத்தானில் பெரும்பாலான பயிற்சிகள் சைகிட்-லேர்னில் தொடங்குகின்றன. அது கணிப்புக்காகச் செய்த நூலகம், குணகத்தைத் தரும், பி மதிப்பைத் தராது. அதிலுள்ள `LogisticRegression`, நாம் கேட்காமலேயே குணகங்களைச் சுழியை நோக்கிச் சற்றுச் சுருக்கிவிடும். அதனால் ஆரின் `glm` தரும் எண்களோடு அது ஒத்துவராது. கணிப்பே நோக்கம் என்றால் அந்தச் சுருக்கம் நல்ல ஏற்பாடுதான். ஆனால் குணகத்தின் பொருளைப் படிக்கும் நிலையில் இருக்கும் மாணவிக்கு அது குழப்பம்.

பைத்தானில் முறையான புள்ளியியல் அட்டவணை வேண்டுமென்றால் ஸ்டாட்ஸ்மாடல்ஸ் இருக்கிறது, நல்ல நூலகம். ஆனால் அதன் `sm.OLS`இல் `add_constant` சேர்க்க மறந்தால் வெட்டுத்துண்டு இல்லாமல், கோட்டை ஆதிப்புள்ளி வழியாகவே இழுத்துவிடும். அட்டவணையில் `const` என்ற வரி இருக்கிறதா என்று பார்த்தாலே இது தெரிந்துவிடும். பார்க்க வேண்டும் என்று தெரிந்திருக்க வேண்டும், அவ்வளவுதான்.

ஆர் இப்படி இருப்பதற்குக் காரணம் உண்டு. ஆக்லாந்து பல்கலைக்கழகப் புள்ளியியல் துறையில் ராஸ் இஹாகாவும் ராபர்ட் ஜென்டில்மேனும் 1990களின் தொடக்கத்தில் உருவாக்கியது அது. பைத்தான் பொதுவான நிரல்மொழி, புள்ளியியல் அதில் பின்னால் வந்து சேர்ந்தது.

வேலை பற்றிய உங்கள் கவலையும் நியாயமானது. மென்பொருள் நிறுவனங்களில் இயந்திரக் கற்றல் வேலைக்குப் போக விரும்பினால் பைத்தான் கட்டாயம். மாதிரியை ஒரு செயலியோடு இணைப்பது, தரவுத்தளத்திலிருந்து தினமும் தானாக எடுத்து ஓட்டுவது போன்ற வேலைகளில் பைத்தானின் கை ஓங்கியிருக்கிறது. உயிர்ப்புள்ளியியல், மருத்துவ ஆய்வு, கல்விசார் ஆராய்ச்சி என்று போனால் ஆர் நேரடியாகவே கைகொடுக்கும். முதலாண்டு மாணவிக்கு இதில் எது என்று இப்போதே தெரிய வேண்டியதில்லை. ஒரு விதிவிலக்கு: அவளுடைய துறையே பைத்தானில் பாடம் நடத்தினால் அதையே பிடித்துக்கொள்ளட்டும், ஸ்டாட்ஸ்மாடல்ஸிலிருந்து தொடங்கட்டும். ஆசிரியரிடம் சந்தேகம் கேட்க முடிகிற மொழிதான் முதல் மொழியாக இருக்க வேண்டும்.

பைத்தானுக்கு மாறும் நேரம் வந்ததும் புதுப் பயிற்சி வகுப்புக்குப் பணம் கட்ட அவசரப்படாதீர்கள். ஆரில் ஏற்கெனவே முடித்த ஒரு ரிக்ரெஷன் ஒப்படைப்பை எடுத்து, அதே தரவோடு பைத்தானில் திரும்பச் செய்யச் சொல்லுங்கள். குணகமும் திட்டப்பிழையும் நான்காம் தசமம்வரை ஒத்துவர வேண்டும். வராவிட்டால் எந்த இயல்பமைப்பு வேறுபட்டது என்று அவளே தேடிப் பிடிக்கட்டும். அந்த வேறுபாட்டை யார் உதவியும் இல்லாமல் விளக்க முடிகிறபோது, இரண்டு மொழிகளையும் தன் சுயவிவரத்தில் எழுதிக்கொள்ளலாம்.