பொங்கல் லீவுக்கு முன் மெயில்பாக்ஸை ஒப்படைப்பது எப்படி? பெங்களூர் நண்பர்களின் கேள்விகளும் என் பதில்களும்

பீன்யாவில் இயந்திர உதிரிபாகம் செய்யும் ஒரு கம்பெனியில், சப்ளையர் பில்கள் வந்து விழும் பொது மெயில்பாக்ஸைப் பதினாறு வருடமாகப் பார்த்துவருகிறேன். இங்கே சங்கராந்திக்கு ஒரு நாள்தான் விடுமுறை. நாம் மாட்டுப்பொங்கல், காணும் பொங்கல் எல்லாம் முடித்துவிட்டுத் திரும்புகிற வரைக்கும் ஆபீஸ் ஓடிக்கொண்டேதான் இருக்கும். அதனால் நம் இடத்தில் உட்காருகிறவருக்கு என்ன குறிப்பு எழுதிவைப்பது என்று ஒவ்வொரு டிசம்பர் கடைசியிலும் இதே பேச்சு வருகிறது. இந்த முறை வந்த கேள்விகள் இவை.

கலைச்செல்வி, ஒயிட்ஃபீல்டு: அக்கா, 12-ஆம் தேதியிலிருந்து 20 வரை லீவ் போட்டிருக்கேன். குறிப்பில் முதலில் பெண்டிங் லிஸ்ட்தானே எழுதணும்?

அதற்கு முன்னால், மெயில் எங்கே போய் விழுகிறது என்று எழுதுங்கள். பெண்டிங் என்பது நமக்குத் தெரிந்த வேலை. லீவில் தவறிப்போவது பெரும்பாலும் புதிதாக வருகிற மெயில்தான், அதுவும் இன்பாக்ஸில் நிற்காமல் ஏதோ ஒரு ஃபோல்டருக்குள் போய்விட்ட மெயில்.

முன்பு வேலை பார்த்த இடத்தில் எனக்கே இது நடந்தது. தலைப்பில் கிரெடிட் நோட் என்று இருந்தால் தனி ஃபோல்டருக்குப் போகும்படி ரூல் போட்டிருந்தேன். குறிப்பில் அதை எழுதவில்லை. எனக்குப் பதில் உட்கார்ந்த பெண் காலையும் மாலையும் இன்பாக்ஸைக் காலி செய்தாள், பாவம், அவள் மேல் ஒரு குறையும் இல்லை. திரும்பி வந்து அந்த ஃபோல்டரைத் திறந்தால் பதினோரு மெயில் திறக்காமல் கிடந்தன. அதில் ஒன்று, கிரெடிட் நோட் தகராறு முடியும்வரை சரக்கு அனுப்பமாட்டோம் என்று சப்ளையர் எழுதியது. தேதியைப் பார்த்தேன், ஆறு நாள் பழசு. கடைசியில் ஷாப்ஃப்ளோர் ஆள் வந்து கேட்கிறவரை யாருக்கும் தெரியாது.

அதனால் ரூல் பட்டியலைத் திறந்து ஒவ்வொன்றாகப் பாருங்கள். சொந்த மெயில்பாக்ஸ் என்றால் பழைய அவுட்லுக்கில் `File`, அதில் `Manage Rules & Alerts`. பொது மெயில்பாக்ஸின் ரூல் அங்கே தெரியாமல் போகலாம். பிரவுசரில் அவுட்லுக்கைத் திறந்து, `Open another mailbox` வழியாக அதற்குள் போய் செட்டிங்ஸில் பாருங்கள். எங்களுடையதில் 23 ரூல் இருக்கின்றன. குறிப்பில் நான் எழுதுவது எட்டுதான், அதாவது மனிதர் அனுப்பிய மெயிலை இன்பாக்ஸிலிருந்து நகர்த்துகிற எட்டு. ஒவ்வொன்றுக்கும் ஒரு வரி: யார் அனுப்பினால், எந்த ஃபோல்டருக்கு, எத்தனை நாளுக்கு ஒருமுறை அதைத் திறந்து பார்க்கணும். செய்தி மடல், விளம்பரம் ஒதுக்குகிற ரூலை எழுதி அவரைக் குழப்பவேண்டாம்.

பிரகாஷ், எலக்ட்ரானிக் சிட்டி: ரூல் எல்லாம் சர்வரில் ஓடுது. லேப்டாப்பை மூடிட்டுப் போனாலும் அது பாட்டுக்கு வேலை செய்யும். இதில் கவலைப்பட என்ன இருக்கு?

பாதி சரி, தம்பி. பட்டியலில் சில ரூலின் பெயருக்குப் பக்கத்தில் `client-only` என்று இருக்கும், பார்த்திருப்பீர்கள். உங்கள் கணினியில் இருக்கிற பிஎஸ்டி ஃபோல்டருக்கு நகர்த்துவது, பிரிண்ட் எடுப்பது, சத்தம் எழுப்புவது போன்றவை அந்த வகை. உங்கள் அவுட்லுக் திறந்திருந்தால்தான் அவை ஓடும்.

ஆக, நீங்கள் லேப்டாப்பை மூடியதும் இரண்டும் ஒரே நேரத்தில் நடக்கிறது. சர்வர் ரூல் மெயிலை ஒளித்துவைத்துக்கொண்டே இருக்கும். மற்றது நின்றுபோய், நீங்கள் வருடக்கணக்கில் கண்ணால் பார்க்காத தானியங்கி அறிக்கைகள் எல்லாம் இன்பாக்ஸில் குவியும். கவர் செய்கிறவர் இரண்டாம் நாளே திணறிப்போய் மொத்தமாகத் தேர்ந்தெடுத்து ஒதுக்க ஆரம்பிப்பார், அதோடு ஒரு நல்ல மெயிலும் போய்விடும். நான் கிளம்புவதற்கு மூன்று நாள் முன்பே அப்படிப்பட்ட ரூலைச் சர்வரில் ஓடுகிற ரூலாக மாற்றி, மெயில்பாக்ஸிலேயே இருக்கும் ஃபோல்டருக்குத் திருப்பிவிடுவேன். மூன்று நாள் எதற்கென்றால், மாற்றியது சரியாக ஓடுகிறதா என்று நானே பார்ப்பதற்கு.

முருகேசன், கே.ஆர்.புரம்: நான் அஞ்சு வருஷமா எல்லா மெயிலையும் ஃபார்வர்டு போட்டுட்டுத்தான் ஊருக்குப் போறேன். குறிப்பெல்லாம் எழுதினதே இல்லை. ஒண்ணும் ஆகலையே?

அண்ணா, ரூலில் `Forward to` போட்டு அனுப்பிய மெயிலுக்குக் கவர் செய்கிறவர் பதில் போட்டால் அது சப்ளையருக்குப் போகாது, உங்களுக்குத்தான் வரும். கவனித்து முகவரியை மாற்றுகிற ஆளாக அவர் இருந்ததால் தப்பித்திருக்கிறீர்கள். `Redirect to` போட்டால் அனுப்பியவர் பெயரிலேயே போய்ச் சேரும், பதிலும் அவருக்கே போகும். ஆனாலும் பழைய கடிதப் போக்குவரத்து அவர் கையில் இருக்காது. போன மாதம் நீங்கள் என்ன வாக்குக் கொடுத்தீர்கள் என்று பார்க்க அவருக்கு வழியில்லை.

மெயில்பாக்ஸைத் திறக்கும் உரிமையையும் அதன் பெயரில் அனுப்பும் உரிமையையும் ஐ.டி.யிடம் கேட்டு வாங்கிக் கொடுங்கள். இரண்டும் தனித்தனி. முதலாவது மட்டும் இருந்தால் படிக்கலாம், அந்த முகவரியிலிருந்து பதில் போகாது. அப்புறம் இன்னொன்று: அவர் அனுப்பிய பதிலின் நகல் வழக்கமாக அவருடைய சொந்த அனுப்பிய ஃபோல்டரில்தான் விழும். திரும்பி வந்து தேடினால் பொது மெயில்பாக்ஸில் ஒன்றும் இருக்காது. ஐ.டி. இந்த ஒரு வரியைப் போட்டால் இங்கேயும் ஒரு நகல் விழும்:

```
Set-Mailbox payables@example.com -MessageCopyForSentAsEnabled $true
```

ஷாஹிதா, ஜெயநகர்: எக்செல்லில் 40 வரி பெண்டிங் எழுதிக் கொடுத்தேன். திரும்பி வந்தா ஒண்ணுமே நகரலை. ஏன் மேடம்?

உங்கள் லிஸ்ட்டில் இருந்து நீங்கள் காட்டிய வரி இது: "ஓசூர் சப்ளையர் பில், ஜி.எஸ்.டி. எண் பிரச்சினை, ஃபாலோ அப்." இதை வைத்துக்கொண்டு அவர் என்ன செய்வார்? யார் யாருக்காகக் காத்திருக்கிறார்கள் என்றே அதில் இல்லையே. அதே மாதிரி என்னிடம் இருக்கும் ஒன்றை எப்படி எழுதியிருக்கிறேன் என்று பாருங்கள்:

"ஓசூர் சப்ளையர், ரூ. 1,84,000. சரக்கு டிசம்பர் 4 வந்து ஏற்றுக்கொண்டாயிற்று. பில்லில் நம் கர்நாடக எண்ணுக்குப் (29-இல் தொடங்குவது) பதிலாகத் தமிழ்நாட்டு எண் (33) போட்டுவிட்டார்கள். திருத்திய பில் அவர்கள் அனுப்பவேண்டும். ஜனவரி 7 மாலை அனுப்புவதாக எழுதினார்கள், அந்த மெயில் ஓசூர் ஃபோல்டரில் கடைசியாக இருக்கிறது. சிறு நிறுவனம், 45 நாள் ஒப்பந்தம், ஜனவரி 18-இல் முடிகிறது, அது ஞாயிறு. ஆகவே 16 வெள்ளி பேமெண்ட்டில் சேரவேண்டும். பில் 14-க்குள் வந்தால் எண்ணும் ஐ.ஜி.எஸ்.டி.யும் பார்த்து என்ட்ரிக்கு அனுப்பவும். வரவில்லை என்றால் போன் செய்யவும். 15 காலையும் வரவில்லை என்றால் மேனேஜரிடம் சொல்லவும், முடிவு அவருடையது."

நீளம்தான். ஆனால் படித்து முடித்ததும் அவருக்கு என்னிடம் கேட்க எதுவும் மிச்சமில்லை. கடைசி வாக்கியம்தான் முக்கியமானது: எது வரைக்கும் தானே செய்யலாம், எங்கே நிறுத்திவிட்டு யாரிடம் போகணும். சிறு, குறு நிறுவனங்களுக்குக் கெடு தாண்டினால் ரிசர்வ் வங்கியின் வங்கி விகிதத்தைப் போல மூன்று மடங்கு கூட்டு வட்டி கொடுக்கணும் என்று சட்டமே இருக்கிறது. நம் லீவ் அந்த நாள் கணக்கை நிறுத்தாது.

இப்படி 40 எழுத முடியாது. எழுதவும் வேண்டாம். லீவுக்குள் கெடு விழுகிறவை எங்களுக்கு ஆறு ஏழுதான் தேறும். மற்றவற்றை "21-க்குப் பிறகு நான் பார்க்கிறேன், யார் கேட்டாலும் அப்படியே சொல்லவும்" என்று ஒரே வரியில் சேர்த்துவிடுவேன்.

சேகர், ராமமூர்த்தி நகர்: நான் வேலையை விட்டே போறேன். எனக்கும் இந்த மாதிரி குறிப்பு போதுமா?

போதாது, அது வேறு வேலை. மெயில்பாக்ஸ் யார் பேருக்கு மாறுகிறது, உங்கள் பெயரில் பதிவான போர்ட்டல்கள் என்ன ஆகின்றன என்பதெல்லாம் அதில் வரும். ஹெச்.ஆரோடு உட்கார்ந்து பேசுங்கள்.

தமிழ்மணி, பொம்மசந்திரா: நான் கவர் பண்ற ஆள். போன தீபாவளிக்கு ஒரு சப்ளையர் வங்கிக் கணக்கு மாறிடுச்சுன்னு மெயில் போட்டார், மாத்திக் கொடுத்துட்டேன். உண்மையாவே மாறியிருந்தது, பிரச்சினை வரலை. இதையும் குறிப்பில் எழுதணுமா?

கட்டாயம் எழுதச் சொல்லுங்கள், தம்பி. ஏமாற்றுகிறவர்கள் ஆள் மாறியிருக்கும் நேரத்தைப் பார்த்துத்தான் வருவார்கள். நம் தானியங்கிப் பதிலே அதை ஊருக்கெல்லாம் சொல்லிவிடுகிறது. வெளியாருக்குப் போகும் பதிலில் தேதியும் கவர் செய்பவரின் பெயரும் போடாமல், பொது முகவரி மட்டும் கொடுத்தால் போதும்.

குறிப்பில் அனுப்புநர் பட்டியல் ஒன்றும் வைப்பேன், அதை மூன்று விதமாகப் பிரிப்பேன். மெயில் வந்தால் அப்படியே செய்யலாம் என்கிறவர்கள், பதில் மட்டும் போடலாம் என்கிறவர்கள், போனில் பேசாமல் எதுவும் செய்யக்கூடாது என்கிற விஷயங்கள். வங்கிக் கணக்கு மாற்றம் எப்போதும் மூன்றாவதில்தான், இருபது வருடப் பழக்கமான சப்ளையராக இருந்தாலும். போன் எண்ணை அந்த மெயிலின் அடியிலிருந்து எடுக்கக்கூடாது, நம் சிஸ்டத்தில் பழைய பதிவில் இருப்பதைத்தான் எடுக்கணும். முகவரியையும் எழுத்தெழுத்தாகப் பாருங்கள். `m` இருக்கவேண்டிய இடத்தில் `rn` போட்டால் சின்ன எழுத்தில் கண்ணுக்கே தெரியாது. என் குறிப்பில் இன்னும் கண்டிப்பாக ஒன்று இருக்கும்: என் லீவ் முடியும்வரை எந்தக் கணக்கையும் மாற்றவேண்டாம்.

பிரகாஷ், எலக்ட்ரானிக் சிட்டி: திறக்காத மெயில் தடித்த எழுத்தில் தெரியுமே. எதைப் பார்த்தாச்சு, எதைப் பார்க்கலைன்னு அதை வச்சே கண்டுபிடிக்கலாமே?

பொது மெயில்பாக்ஸில் முடியாது. ஒருவர் திறந்தால் எல்லாருக்கும் திறந்ததாகிவிடும். நாங்கள் கலர் கேட்டகரி வைத்திருக்கிறோம். எடுத்துக்கொண்டவர் தன் நிறத்தைப் போடுவார், முடித்ததும் பச்சை.

கலைச்செல்வி, ஒயிட்ஃபீல்டு: அக்கா, பேமெண்ட் ஃபைல் ஏற்றும்போது வங்கி ஓ.டி.பி. என் போனுக்குத்தான் வரும். 16-ஆம் தேதி நான் திருநெல்வேலியில் இருப்பேன். குறிப்பில் என்னன்னு எழுத?

ஓ.டி.பி.யைப் போனில் சொல்கிறேன் என்று மட்டும் எழுதாதீர்கள். உங்கள் பெயரில் இன்னொருவர் பணம் ஏற்றியதாகிவிடும், பிறகு எதுவானாலும் பதில் சொல்லவேண்டியது நீங்கள். வங்கியில் இன்னொருவரையும் ஏற்றுபவராகச் சேர்க்கச் சொல்லி இன்றைக்கே மேனேஜரிடம் கேளுங்கள். அதற்கு ஆவணம், கையெழுத்து என்று சில நாள் பிடிக்கும்.

முருகேசன், கே.ஆர்.புரம்: அதெல்லாம் பெரிய கம்பெனிக்கும்மா. எங்க இடத்தில் மொத்தமே மூணு பேர். யாரைச் சேர்க்கிறது?

அண்ணா சொல்வதும் நியாயம்தான். ஏற்றுகிறவர், ஒப்புதல் தருகிறவர் இரண்டு பேரும் வேறு வேறாக இருக்கணும், மூன்று பேரில் ஒருவர் லீவ் என்றால் கை கட்டிப்போட்ட மாதிரி ஆகிவிடும். அப்படிப்பட்ட இடத்தில் 16-ஆம் தேதி பேமெண்ட்டை 9-ஆம் தேதியே ஏற்றிவிட முடியுமா என்று கேட்டுப் பார்க்கலாம், கையில் பணம் இருக்கிறதா என்பதைப் பொறுத்தது. கலைச்செல்வி, உங்கள் மேனேஜர் என்ன சொல்கிறார் என்று கேட்டுவிட்டு எனக்கும் சொல்லுங்கள்.