ஜார்ஜா, ஹோர்ஹேயா?

பெருந்துறையிலிருந்து எழுதியிருந்த அம்மாவுக்கு,

மகளுக்குத் திருப்பூரில் மெர்ச்சண்டைசர் வேலை கிடைத்திருக்கிறது. அடுத்த மாதம் வெளிநாட்டு பையர் வரும்போது கூட உட்காரச் சொல்லியிருக்கிறார்கள். அவளோ, "அவங்க பேரே வாயில நுழையாதும்மா, எல்லாத்தையும் சார்னே கூப்பிட்டுக்கறேன்" என்கிறாள். இங்கிலீஷ் வகுப்பில் சேர்க்கலாமா என்று கேட்டிருக்கிறீர்கள். அதை அப்புறம் பார்த்துக்கலாம்ங்க. இப்போதைக்குப் பேரைக் கேட்கப் பழக்குங்க, போதும்.

அவள் தயங்குவதில் தப்பில்லை. அண்ணா, அம்மிணி, மாமா என்று முறை வைத்தே வளர்ந்த பிள்ளை. பெரியவர் ஒருத்தரைப் பேர் சொல்லிக் கூப்பிட்டால் வீட்டில் அடி விழும். ஆனால் அந்த மேசையில் நாலு பேர் உட்கார்ந்திருக்கும்போது "சார்" என்றால் யார் திரும்பிப் பார்ப்பது?

நானும் ஏற்றுமதி அலுவலகத்தில் குப்பை கொட்டியவன்தான். ஸ்பெயினிலிருந்து ஒருத்தர் வந்தார். மெயிலில் Jorge என்று இருந்தது. ஜார்ஜ் என்று நானே முடிவு கட்டி, இரண்டு நாளும் அப்படியே கூப்பிட்டேன். மனுஷர் ஒரு தடவைகூடத் திருத்தவில்லை. அவரை விமானம் ஏற்றிவிட்டுத் திரும்பும்போது ஏஜெண்ட் சொன்னார், "அது ஹோர்ஹேங்க." சரி, இனி இந்த எழுத்தைப் பார்த்தால் ஹோர்ஹே என்று மனப்பாடம் செய்துகொண்டேன். அதிலும் ஓட்டை. இதே Jorge போர்ச்சுகல்காரராக இருந்தால் கிட்டத்தட்ட ஜோர்ஜ் என்று, ஜ-வைக் கொஞ்சம் உரசிச் சொல்வார். ஜெர்மன்காரர் Jan என்று எழுதினால் அது யான். எழுத்தை வைத்து ஊகிக்கவே முடியாது. பேருக்குச் சொந்தக்காரரிடமே கேட்பதுதான் வழி.

கேட்க வேண்டியது கை குலுக்கும் அந்த நேரத்தில்தான். முதலில் உங்கள் மகள் தன் பேரைச் சொல்லட்டும். அவர் தன் பேரைச் சொல்லும்போது காது கொடுக்கட்டும். பாதிப் பேர் அடுத்து என்ன பேசுவது என்ற யோசனையில் இதைத்தான் கோட்டை விடுகிறார்கள். புரியவில்லை என்றால் சிரித்த முகத்தோடு, "ஐ வான்ட் டு கெட் யுவர் நேம் ரைட். ஹவ் டு யூ சே இட்?" அவர் சொன்னதும் ஒரே ஒரு தடவை திருப்பிச் சொல்லிப் பார்க்க வேண்டும். அவர் தலையாட்டினால் முடிந்தது. "க்ளோஸ் இனஃப்" என்றோ "இட்ஸ் ஃபைன்" என்றோ சொன்னால், பெரும்பாலும் இன்னும் தப்பு என்று அர்த்தம். இன்னொரு தடவை கேட்கலாம். மூன்றாவது தடவை வேண்டாம். நன்றி சொல்லிவிட்டு வேலைக்குப் போய்விட வேண்டும். "ரொம்பக் கஷ்டமான பேரு" என்பதும், "சுருக்கமா வேற எப்படிக் கூப்பிடலாம்?" என்பதும் வாயிலேயே வரக்கூடாது.

உட்கார்ந்ததும் நோட்டில் தமிழில் எழுதிக்கொள்ளட்டும். ஒரு சிக்கல், நம் ப எழுத்து Pa-வுக்கும் வரும், Ba-வுக்கும் வரும். "பஸ் ப" என்று பக்கத்தில் ஒரு குறிப்புப் போட்டால் மறுநாள் குழப்பாது.

பிறகு பேரைப் பயன்படுத்துவது. கற்றுக்கொண்டோம் என்பதற்காக வாக்கியத்துக்கு ஒரு தடவை ஹோர்ஹே, ஹோர்ஹே என்றால் இன்சூரன்ஸ் விற்க வந்தவர் மாதிரி இருக்கும். ஒரு மணி நேர மீட்டிங்கில் மூன்று இடம் போதும். சாம்பிளை நீட்டி, "ஹோர்ஹே, இந்தக் கலர் சரியா பாருங்க" என்று கவனத்தைத் திருப்பும்போது ஒன்று. அவர் சொன்னதை மேசையில் மற்றவர்களிடம் எடுத்துச் சொல்லும்போது ஒன்று. விடைபெறும்போது ஒன்று. முதல் பேரா குடும்பப் பேரா என்பதில் சந்தேகம் வந்தால், மெயிலின் அடியில் அவர் எப்படிக் கையெழுத்திடுகிறாரோ அப்படி.

முதல் நிமிடம் தவறிப்போனாலும் மறுநாள் காலையில், "நேத்து உங்க பேரைத் தப்பாச் சொன்னேன்னு நினைக்கிறேன், ஒரு தடவை சொல்லுங்க" என்று கேட்டுவிடலாம். நான் அதைக்கூடச் செய்யவில்லை.

இன்னொன்று. உங்கள் மகள் பேரிலேயே ழ இருக்கிறது. பையருக்கும் நாக்கு சுழலாது. அவளாக இரண்டாகப் பிரித்து மெதுவாகச் சொல்லிக் காட்டட்டும்; அவர் ல என்று சொன்னால் பரவாயில்லை என்று விட்டுவிடட்டும். பாஸ்போர்ட்டில் அப்பா பேர் குடும்பப் பேராகப் போயிருந்தால், அலுவலக மெயிலிலும் அப்படியே வந்துவிடாமல் பார்த்துக்கொள்ளச் சொல்லுங்க. இல்லாவிட்டால் பையர் எழுதும் ஒவ்வொரு மெயிலும் உங்கள் வீட்டுக்காரர் பேருக்கு வணக்கம் சொல்லித்தான் ஆரம்பிக்கும்.