ஸ்கேனில் கரு தெரியவில்லை, பீட்டா ஏறுகிறது: வாசகர் கேள்விகளுக்கு ஒரு மகப்பேறு மருத்துவரின் பதில்கள்

நாள் தள்ளி ஒரு வாரம். கார்டில் இரண்டு கோடு. ஸ்கேன் ரிப்போர்ட்டில் ‘கர்ப்பம் இருக்கும் இடம் தெரியவில்லை’ என்றிருக்கிறது. கரு கருக்குழாயில் தங்கிவிட்டதா?

அப்படி இப்போதே சொல்ல முடியாது. அன்றைக்குக் கர்ப்பப்பையிலும் தெரியவில்லை, வெளியிலும் தெரியவில்லை என்பதுதான் அதன் பொருள். கரு இன்னும் மிகச் சிறியதாக இருக்கலாம், தானாகக் கலைந்துகொண்டிருக்கலாம், குழாயிலும் இருக்கலாம். முதல் இரண்டும்தான் அதிகம். மூன்றாவது ஆபத்தானது என்பதால்தான் 48 மணி நேரம் கழித்து அதே லேபில் ரத்தத்தில் கர்ப்ப ஹார்மோனான பீட்டா எச்.சி.ஜி. அளவை மறுபடி பார்க்கச் சொல்கிறோம்.

முதலில் 820, இரண்டு நாளில் 1066. ஏறுகிறதே, நல்லதுதானே?

ஏறுவது மட்டும் போதாது, எவ்வளவு ஏறியது என்று பாருங்கள். உங்களுக்கு 246 கூடியிருக்கிறது, அதாவது 30 சதவீதம். தொடக்க அளவு 1500-க்குக் கீழே இருந்தால், நல்ல கர்ப்பத்தில் மெதுவான ஏற்றமே ஏறக்குறைய 49 சதவீதம். உங்களுக்கு 1220-ஐத் தொட்டிருக்க வேண்டும். ஆகவே இது வளரும் கர்ப்பமாக இருக்க வாய்ப்புக் குறைவு. கலைவதா, குழாயிலா என்பதை எண் சொல்லாது.

அதற்குத்தான் உங்கள் டாக்டர் உள்வழி ஸ்கேனை மறுபடி எடுக்கச் சொல்லியிருப்பார். சினைப்பை அருகே சின்ன வளையம் தெரிந்தால், ஸ்கேன் கருவியால் மெல்ல அழுத்திப் பார்ப்போம். வளையம் சினைப்பையை விட்டுத் தனியாக நழுவினால் குழாய்க் கர்ப்பம் என்ற சந்தேகம் வலுக்கும். சினைப்பையோடு சேர்ந்தே நகர்ந்தால், பெரும்பாலும் முட்டை வெளியேறிய இடத்தில் உருவாகும் கார்பஸ் லூட்டியம்தான். கலர் டாப்ளரில் இரண்டைச் சுற்றியும் ரத்த ஓட்டம் நெருப்பு வளையம் போலத் தெரியும், அதனால் நிறத்தை மட்டும் நம்பக் கூடாது.

ஒன்று சொல்லிவிடுகிறேன்: பீட்டா ஒழுங்காக ஏறும் குழாய்க் கர்ப்பங்களும் உண்டு. கர்ப்பப்பைக்குள் கருவைக் கண்ணால் பார்க்கும் வரை நாங்கள் விடுவதில்லை.

பீட்டா 2100, கர்ப்பப்பை காலி. இன்றே கருவின் வளர்ச்சியை நிறுத்தும் மெதோட்ரெக்ஸேட் ஊசி என்கிறார்கள்.

வலி, ரத்தப்போக்கு இல்லாமல், வெளியே கட்டியும் தெரியாவிட்டால், இந்த ஒரு எண்ணை வைத்து ஊசி போட வேண்டாம். இதற்கு மேல் போனால் கரு ஸ்கேனில் தெரிய வேண்டும் என்று வைத்திருந்த 1500, 2000 என்ற பழைய எல்லைகளைத் தாண்டியும் நல்ல கர்ப்பம் ஸ்கேனில் தெரியாமல் இருந்ததுண்டு, இரட்டைக் கருவில் குறிப்பாக. அமெரிக்க மகப்பேறு மருத்துவர் கல்லூரி, எல்லை வைப்பதானால் 3500 வரை உயர்த்தி வைக்கச் சொல்கிறது. அந்த ஊசி நல்ல கருவையும் அழித்துவிடும். இரண்டு நாள் பொறுத்து, மறு பீட்டாவும் மறு ஸ்கேனும் பார்த்து முடிவெடுக்கச் சொல்லிக் கேளுங்கள்.

பீட்டா 300தான். ஒரு பக்கம் வலி, தோள்பட்டையிலும் குத்துகிறது. நாளை மறுநாள் ரிப்போர்ட் வரும், காத்திருக்கலாமா?

வேண்டாம், உடனே கிளம்புங்கள். எண் குறைவாக இருந்தாலும் குழாய் வெடிக்கும். வயிற்றுக்குள் கசியும் ரத்தம் உதரவிதானத்தை உறுத்தும்போது வலி தோளில் தெரியும். தலை சுற்றினாலோ வியர்த்தாலோ தனியாகப் போகாதீர்கள், 108-ஐ அழையுங்கள். அவசரப் பிரிவில் நுழைந்ததும் ‘கர்ப்பம், இடம் தெரியவில்லை, தோள் வலி’ என்று முதலில் சொல்லுங்கள்.