குளியலறையில் தண்ணீர் வரவில்லை என்று வாரியத்துக்கு எப்படிக் கடிதம் எழுதுவது?

கேள்வி: தருமபுரியில் குடியிருக்கிறோம். தண்ணீர் எப்போது விடுகிறார்கள் என்றே தெரியவில்லை. விட்டாலும் குளியலறைக் குழாயில் நூல் போலத்தான் வருகிறது. குடிநீர் வடிகால் வாரியத்துக்கு என்ன எழுதினால் வேலை நடக்கும்?

பதில்:

உங்கள் குளியலறைக்கு வருவது மாடித் தொட்டித் தண்ணீரா, நேரடியாகத் தெருக்குழாய்த் தண்ணீரா? மாடித் தொட்டி என்றால் அந்தக் குழாயின் வேகத்துக்கும் வாரியத்துக்கும் சம்பந்தமே இல்லை. தொட்டியில் நிற்கும் நீர்மட்டத்துக்கும் குழாய்க்கும் உள்ள உயர வித்தியாசம்தான் அங்கே அழுத்தம். தொட்டி நிறைந்திருக்கும்போதும் ஷவரில் நூலாக வந்தால், குறை உங்கள் வீட்டுக்குள் இருக்கிறது. நம் பகுதியில் பெரும்பாலும் அது ஆழ்துளைக் கிணற்று உப்பு. ஷவரைக் கழற்றிப் பாருங்கள், துளைகளில் வெள்ளையாகப் படிந்திருக்கும். இதை எழுதிப் போட்டால், ஆள் வந்து பார்த்துவிட்டு "வீட்டு உள்குழாய்க் குறை" என்று மனுவை முடித்துவிடுவார்கள். அதன் பிறகு உண்மையான குறையைச் சொன்னாலும் காது கொடுக்கமாட்டார்கள்.

ஆகவே கடிதத்தில் குளியலறை பாதிப்பாக மட்டும் வரட்டும். அளவு எடுக்க வேண்டிய இடம், தெருவிலிருந்து வரும் இணைப்பு வீட்டுக்குள் நுழைந்ததும் தரைமட்டத்தில் இருக்கும் முதல் குழாய்.

அடுத்தது, யாருக்கு எழுதுவது. 2013 முதல் ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டத்தில் காவிரித் தண்ணீரை எடுத்துச் சுத்திகரித்து ஊர்த் தொட்டிகளுக்கு அனுப்புவது குடிநீர் வடிகால் வாரியம். தொட்டியிலிருந்து கீழே இறங்கிய பிறகு வால்வு, தெருக்குழாய், வீட்டு இணைப்பு எல்லாம் உள்ளாட்சி அமைப்பின் பொறுப்பு. நகரம் என்றால் நகராட்சி ஆணையருக்கு எழுதுங்கள், கிராமம் என்றால் ஊராட்சிக்கும் வட்டார வளர்ச்சி அலுவலருக்கும். வாரியத்தின் பொறியாளருக்கு ஒரு நகல் போதும். ஒரே தொட்டியிலிருந்து தண்ணீர் பெறும் எல்லாத் தெருவிலும் வரத்து குறைந்திருந்தால் மட்டும் வாரியத்தை முன்னே வையுங்கள். அப்போது தொட்டியே நிறையவில்லை என்று பொருள். உங்கள் தெருவில் மட்டும் என்றால் வாரியத்துக்கு எழுதும் கடிதம் மேசை மாறி மாறி நகராட்சிக்குத்தான் வந்து சேரும்.

நான் இருப்பது கிருஷ்ணகிரி மாவட்டத்தில் ஒரு சிறு நகரம். எங்கள் தெரு ஒரு மேடு, நாங்கள் மேட்டின் கடைசி. ஒன்று விட்டு ஒரு நாள், ஒரு மணி நேரம் தண்ணீர். முன்பு நான் கொடுத்த மனுவில் "மிகுந்த சிரமத்துக்கு ஆளாகிறோம்" என்பதைத் தவிர வேறு செய்தி கிடையாது. அதற்கு வந்த பதிலும் அப்படித்தான் இருந்தது: "ஆவன செய்யப்படும்."

பிறகு 15 லிட்டர் வாளியை வைத்து நேரம் பார்த்தோம். தெருவின் கீழ்முனை வீட்டில் வாளி ஒரு நிமிடத்தில் நிறைந்தது, எங்கள் வீட்டில் நான்கு நிமிடம் ஆனது. அதாவது ஒரு மணி நேரத்தில் அவர்களுக்கு 900 லிட்டர், எங்களுக்கு 225. ஐந்து பேர் உள்ள வீட்டில் அதுவே இரண்டு நாளைக்கு என்றால் ஆளுக்கு நாளொன்றுக்கு இருபத்திரண்டரை லிட்டர். பாதாளச் சாக்கடை இல்லாத நகரத்துக்கே ஆளுக்கு 70 லிட்டர் என்பது மத்திய அரசின் 1999 குடிநீர்க் கையேடு சொன்ன அளவு. பாதாளச் சாக்கடை இருந்தால் 135. கழிப்பறைக்கு ஊற்றுவதா, குளிப்பதா என்று தினமும் பஞ்சாயத்து நடந்த வீடு எங்களுடையது.

ஆனால் வேலையை நகர்த்தியது வேறொரு குறிப்பு. தண்ணீர் விடும் நேரத்தில் மின்தடை வந்த நாட்களில் எங்கள் வாளி ஒன்றரை நிமிடத்தில் நிறைந்தது. மின்சாரம் திரும்பியதும் தண்ணீர் மெலிந்தது. இதற்கு மேல் விளக்கம் தேவையில்லை: தெருவில் சிலர் குழாயில் நேரடியாக மோட்டார் வைத்து உறிஞ்சுகிறார்கள். தரைத்தொட்டியில் தானாக விழும் தண்ணீரை மேலே ஏற்ற மோட்டார் வைப்பது தவறில்லை, தெருக்குழாயோடு நேரே இணைப்பதுதான் தவறு. உங்கள் வீட்டிலும் இதைக் கவனியுங்கள். மின்தடையிலும் மெலிந்தே வந்து, பக்கத்து வீடுகளுக்கும் அப்படியே என்றால் வால்வு முழுதாகத் திறக்கப்படவில்லை, அல்லது தெருக்குழாயில் அடைப்பு. உங்களுக்கு மட்டும் என்றால், தெருக்குழாயில் உங்கள் இணைப்பு தொடங்கும் இடம் துருவாலோ உப்பாலோ அடைத்திருக்கும்.

நாங்கள் கொடுத்த கடிதத்தின் நடுப்பகுதி ஏறக்குறைய இப்படி:

"பொருள்: தெருவின் மேல்முனை வீடுகளுக்குக் குறைந்த அழுத்தத்திலும் நேரம் தவறியும் குடிநீர் வருவது தொடர்பாக.

எங்கள் பகுதிக்குக் காலை 6 மணிக்குத் திறக்க வேண்டிய தண்ணீர் சில நாள் 5 மணிக்கும் சில நாள் 11 மணிக்கும் வருகிறது. தேதிவாரியான பட்டியலை இணைத்துள்ளோம். தரைமட்டக் குழாயில் 15 லிட்டர் வாளி நிறையக் கீழ்முனையில் 1 நிமிடமும் மேல்முனையில் 4 நிமிடமும் ஆகின்றன. மின்தடை நேரத்தில் மேல்முனையிலும் ஒன்றரை நிமிடத்தில் நிறைகிறது. இதனால் மேல்முனை வீடுகளில் கழிப்பறை, குளியலறைப் பயன்பாட்டுக்கே தண்ணீர் போதவில்லை. தண்ணீர் விடும் நேரத்தில் தெரு முழுவதும் இணைப்புகளை ஆய்வு செய்யவும், திறக்கும் நேரத்தை வரையறுத்து, மாறும்போது முன்கூட்டியே தெரிவிக்கவும் வேண்டுகிறோம்."

யார் வீட்டில் மோட்டார் இருக்கிறது என்று ஒரு பெயரும் எழுதவில்லை. எழுதியிருந்தால் தண்ணீர்ப் பிரச்சினை தெருச் சண்டையாகியிருக்கும். "தண்ணீர் விடும் நேரத்தில்" என்ற சொற்களை மட்டும் விட்டுவிடாதீர்கள். பிற்பகலில் வந்து காய்ந்த குழாயைப் பார்த்துவிட்டுப் போவதில் பயனில்லை.

ஆய்வுக்கு வந்தார்கள், சில மோட்டார்களைக் கழற்றினார்கள். எங்கள் வாளி இப்போது இரண்டு நிமிடத்துக்குள் நிறைகிறது. நேரம் மட்டும் இன்னும் முழுதாகச் சீராகவில்லை. அதற்கு நியாயமும் உண்டு. நீரேற்று நிலையத்தில் மின்சாரம் நின்றால் தொட்டி நிறையத் தாமதமாகும், குழாய் திறப்பவர் என்ன செய்வார்? வால்வைத் திறந்ததும் தெருவின் கைபேசிக் குழுவில் அவர் ஒரு வரி போடுகிறார். வேலைக்குப் போகிறவர்களுக்கு அதுவே பெரிய உதவி.

கடிதத்தில் குடிநீர் இணைப்பு எண்ணும் வார்டு எண்ணும் கட்டாயம் இருக்கட்டும். மேல்முனை வீட்டார் எல்லோரும் கையெழுத்திடுங்கள். நேரில் கொடுத்து உங்கள் நகலில் தேதியோடு முத்திரை வாங்குங்கள். ஒரு மாதத்தில் அசைவில்லை என்றால், அந்த முத்திரை நகலோடு ஆட்சியர் அலுவலகத்தில் திங்கட்கிழமை நடக்கும் குறைதீர் கூட்டத்தில் மனு கொடுங்கள். 1100 என்ற முதல்வர் உதவி எண்ணிலும் பதியலாம். அங்கேயும் முதலில் கேட்பது, உள்ளாட்சி அலுவலகத்தில் எப்போது கொடுத்தீர்கள் என்பதைத்தான்.